இருபது அங்குல முகம்: முகம் மாற்றிய படமொன்றை பிளெக்ஸ் பெனருக்குத் தயாரித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு மாவட்டத்தின் எழுவான்கரைப் பக்கம், கல்முனை வீதியோரப் பாடசாலை ஒன்றின் அதிபர் ஓய்வுபெற இருந்தார். பிரியாவிடைக்குப் பழைய மாணவர் சங்கத்தினர் 10 அடி அகலம், 6 அடி உயரத்தில் பிளெக்ஸ் பெனர் அடிக்கத் தீர்மானித்தார்கள். அவர் வேட்டி சட்டையோடு, பொன்னாடையும் மாலையும் போட்டு மேடையில் நிற்கும் படம்தான் வேண்டும் என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். அப்படியொரு படம் இருந்தது. சில வருடங்களுக்கு முந்திய பரிசளிப்பு விழாவில், 24 மெகாபிக்சல் கமராவில் எடுத்தது. ஆனால் அதில் கண்கள் பாதி மூடியிருந்தன, வாயும் பேச்சின் நடுவில் கோணியிருந்தது. அந்த நேரத்தில் எடுத்த மற்றப் படங்கள் எதுவும் படப்பிடிப்பாளரிடம் மிஞ்சியிருக்கவில்லை.

ஆகவே உடல் அந்தப் படத்திலிருந்து, முகம் வேறொரு படத்திலிருந்து என்று முடிவாயிற்று. முகத்துக்கு எடுத்தது வீட்டு விசேஷம் ஒன்றில் தொலைபேசியில் எடுத்த குடும்பப் படம். இரண்டிலும் இருப்பது அதே மனிதர், அதே கண்ணாடி, ஏறத்தாழ அதே வயது. குடும்பத்தினரின் சம்மதமும் இருந்தது. ஒருவரின் தலையை இன்னொருவரின் உடலில் வைக்கும் வேலைக்கு இது எவ்வளவோ மேல். கழுத்துப் பருமனும் தோல் நிறமும் தாமாகவே பொருந்தி வரும்.

முதல் பெனர் வேறொரு கடையில் அடிக்கப்பட்டது. அதைச் சுருட்டிக்கொண்டு சங்கச் செயலாளர் எங்கள் கடைக்கு வந்ததிலிருந்து இந்த ஆய்வு தொடங்குகிறது.

முதல் பெனரில் கண்டவை

கடை வாசலில் விரித்துப் போட்டுப் பார்த்தோம். வீதியின் மறுபக்கம் போய் நின்றால் பெரிய குறை தெரியவில்லை. முகம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். கிட்ட வரவரத்தான் பிரச்சினை தெரிந்தது. கன்னத்திலும் நெற்றியிலும் கிட்டத்தட்ட ஒரு அங்குலச் சதுரங்கள் தரை ஓடு பதித்ததுபோல் வரிசையாகத் தெரிந்தன. கண்ணாடி பிரேமையும் மீசையையும் சுற்றி வெள்ளைக் கோடு ஓடியது. அதற்குக் கீழே சட்டைக் கொலரின் தையல் நூல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

செயலாளருடன் வந்திருந்த அதிபரின் மகள் இவை எதையும் சொல்லவில்லை. “அப்பாட மச்சம் மற்றப் பக்கம் போயிட்டே” என்றார். வலக்கன்னத்து மச்சம் இடக்கன்னத்தில் இருந்தது. மேடைப் படத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது, குடும்பப் படத்தில் வலப்பக்கமிருந்து. வெளிச்சத்தைப் பொருத்துவதற்காக முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வெளிச்சம் பொருந்திவிட்டது, ஆள் பொருந்தவில்லை. முகம் யாருக்கும் இருபக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. தினமும் பார்ப்பவர்களுக்குத் திருப்பிய முகம் காரணம் தெரியாமலே அந்நியமாகப் படும், மச்சம் இருந்தால் காரணமும் தெரிந்துவிடும்.

சதுரங்களுக்கான காரணத்தை அளந்து கண்டுபிடித்தோம். பெனரில் அதிபரின் தலை, உச்சியிலிருந்து தாடைவரை, 20 அங்குலம். முகத்துக்குப் பயன்பட்ட படம் வட்ஸ்அப்பில் வந்தது. நீளப் பக்கம் 1600 பிக்சல், அதில் தலையின் உயரம் 160 பிக்சல். 160 பிக்சலை 20 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 8 பிக்சல்தான் வரும். ஜேபெக் கோப்பு படத்தை 8 பிக்சல் சதுரக் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் பெனரில் சரியாக ஒரு அங்குலமாக விரிந்திருந்தது. மேடைப் படத்திலோ அதே தலை 800 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 40. கழுத்துக்கு மேலே 8, கீழே 40.

மங்கலான முகத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும். மங்கலான முகத்துக்குக் கீழே கூர்மையான கொலர் இருந்தால் பொறுக்காது. முழுப் படமும் ஒரே அளவு மங்கலாக இருந்திருந்தால் “படம் கொஞ்சம் தெளிவில்லை” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே பார்த்தவர்களெல்லாம் “ஒட்டு வேலை” என்றார்கள்.

எங்கிருந்து பார்ப்பார்கள் என்ற கேள்வி

எந்த ரெசல்யூஷன் போதும் என்பதை பெனரின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, பார்ப்பவர் நிற்கும் தூரமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. நல்ல கண்பார்வை உள்ளவருக்குப் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒன்று. இதை வைத்துக் கணக்குப் பார்த்தால் ஒரு சுலபமான வழி கிடைக்கும்: 286ஐ அடியில் உள்ள தூரத்தால் வகுத்தால், அந்தத் தூரத்தில் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்பது வரும். 30 அடியில் 9 அல்லது 10 போதும். 10 அடியில் 29. 6 அடியில் 48. அதற்கு மேல் கொடுத்தாலும் அந்த இடத்தில் நிற்பவரின் கண் பிடிக்காது.

முதல் பெனரை அடித்தவர்களின் கணக்கும் முழுக்கப் பிழை என்று சொல்ல முடியாது. வீதியின் எதிர்ப்பக்கத்திலிருந்து பெனர் கட்டப்படும் மதில்வரை சுமார் 30 அடி. அங்கிருந்து பார்க்க 8 பிக்சல் ஏறக்குறையப் போதும். அவர்கள் கேட்காமல் விட்டது வேறொன்று. விழா நாளில் இதே பெனருக்கு முன்னால் ஆசிரியர்களும் பிள்ளைகளும் அதிபரோடு நின்று படம் எடுக்கப்போகிறார்கள். அவர்கள் பெனரிலிருந்து 5, 6 அடியில் நிற்பார்கள். உண்மையான அதிபர் தம் பெரிய படத்துக்குப் பக்கத்திலேயே நிற்பார். எங்கள் பக்கத்தில் கல்யாணம், பிரியாவிடை, பூப்புனித நீராட்டு எதுவானாலும் பெனருக்கு இந்த இரண்டாவது வேலை உண்டு. வீதியில் வாகனத்தில் போகிறவர் ஒரு பார்வையாளர், முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர் இன்னொருவர்.

எனவே கோப்பை 6 அடிக்குத் தயாரிப்பது என்று முடிவு செய்தோம்: அங்குலத்துக்கு 50 பிக்சல், மொத்தம் 6000 × 3600. 300இல் தரமுடியாதா என்று செயலாளர் கேட்டார். இது அடிக்கடி வரும் கேள்வி. 300 என்றால் ஒரு பக்கம் 36,000 பிக்சல். போட்டோஷொப்பின் சாதாரண பிஎஸ்டி கோப்பு 30,000க்கு மேல் சேமிக்கவே விடாது. அப்படியே செய்தாலும் 800 பிக்சல் தலை 6000 ஆக ஊதிப்பெருக்குமே தவிர, ஒரு மயிரிழையாவது புதிதாக வராது. கையில் வைத்துப் பார்க்கும் அழைப்பிதழுக்குத்தான் 300 வேண்டும்.

முகத்தின் மூலக்கோப்பு

முதல் வேலை, அந்தக் குடும்பப் படத்தை எடுத்த தொலைபேசியைத் தேடுவது. மருமகனிடம் இருந்தது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னோம். 4000 × 3000 பிக்சலில் வந்தது. தலை 400 பிக்சல், பெனரில் அங்குலத்துக்கு 20. கட்டங்கள் போயின, புருவத்தில் மயிர் தெரிந்தது. மென்பொருளில் மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் கிடைக்காத முன்னேற்றம் ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது.

இருந்தாலும் 20 என்பது 14 அடிக்குத்தான் காணும். அதற்குக் கிட்ட வந்தால் முகம் உடலைவிட மென்மையாகத் தெரியத்தான் செய்யும். தலையின் அளவை 20 அங்குலத்திலிருந்து 14 ஆகக் குறைத்தால் முகம் 28ஐ எட்டும், பெனரும் நெருக்கடியில்லாமல் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தோம். சங்கத்தினர் ஒத்துக்கொள்ளவில்லை. “சேர் பெருசாத் தெரியணும்” என்பதில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியானால் மிச்சமிருப்பது ஒரே வழி: முகத்தை உயர்த்தும் அளவு உயர்த்தி, உடலைக் கொஞ்சம் இறக்கி, இரண்டையும் நடுவில் சந்திக்க வைப்பது.

பொருத்திய விதம்

முகத்தைத் திருப்பவில்லை. வெளிச்ச வேறுபாட்டை நிழலால் சரிசெய்தோம். முகத்தின் வலப்பக்கத்தில் மெல்லிய இருட்டும் இடப்பக்கத்தில் மெல்லிய வெளிச்சமும் `Curves` அடுக்குகளால் ஏற்றினோம். இரண்டு படங்களிலும் வெளிச்சம் மென்மையாக விழுந்திருந்ததால் இது எடுபட்டது. நண்பகல் வெயிலில் எடுத்த படமாக இருந்தால், மூக்கின் கருநிழல் இப்படியெல்லாம் இடம் மாறிக்கொடுக்காது. வேறு படம்தான் தேடியிருக்கவேண்டும்.

பிறகு `Image Size` இல் `Preserve Details 2.0` தெரிவுசெய்து முகத்தை இரண்டு மடங்காக்கினோம். 400 பிக்சல் 800 ஆகி மேடைப் படத்துத் தலையோடு அளவு ஒத்துவந்தது. கொலர், மாலையின் மேற்பகுதி, தோள் ஆகியவற்றுக்கு `Gaussian Blur` ஒரு பிக்சல் கொடுத்தோம். அதைக் கீழே போகப்போகக் குறைத்து, பொன்னாடையின் சரிகைக் கரையில் முற்றாக நிறுத்தினோம். கழுத்திலிருந்து சரிகைவரை கூர்மை படிப்படியாக ஏறுவதால், எந்த இடத்திலும் திடீரென்று மாறியதாகக் கண்ணுக்குப் படவில்லை. நல்ல கமராவில் எடுத்த படத்தைக் கெடுப்பதற்குக் கை கூசும். ஆனால் அந்தக் கொலரின் கூர்மைதான் முகத்தைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்தது துகள். மேடைப் படம் குறைந்த வெளிச்சத்தில் எடுத்ததால் அதில் இயல்பான மணல் போன்ற இரைச்சல் இருந்தது. தொலைபேசியோ தோலை வழித்து மெழுகாக்கியிருந்தது. முகத்துக்கு மட்டும் நிறமற்ற துகள் 3 வீதம் சேர்த்து, அரைப் பிக்சல் மங்கலாக்கினோம். இதைச் செய்யாவிட்டால் கூர்மையும் நிறமும் எவ்வளவு பொருந்தினாலும் முகம் வேறு பொருளால் செய்ததுபோலத் தெரியும்.

கண்ணாடி பிரேமைச் சுற்றியிருந்த வெள்ளைக் கோடு மூலக்கோப்பிலும் இருந்தது. தொலைபேசிகள் எடுக்கும்போதே படத்தைக் கூராக்கிவிடுகின்றன. அந்தக் கோடு இரண்டு பிக்சல் தடிப்பு, தொலைபேசித் திரையில் யாரும் கவனிக்கமாட்டார்கள். அங்குலத்துக்கு 20 பிக்சல் என்ற கணக்கில் பெனரில் அது இரண்டரை மில்லிமீற்றராகிவிடும். முதல் பெனரில் இதற்கு மேலும் ஷார்ப் கொடுத்ததால்தான் அவ்வளவு அப்பட்டமாகத் தெரிந்திருக்கிறது. `Clone Stamp` ஐ `Darken` நிலையில் வைத்து, பக்கத்துத் தோல் நிறத்தால் அந்தக் கோட்டை மட்டும் மூடினோம். அந்த நிலையில் வெளிறிய பிக்சல்கள் மட்டுமே மாறும், கறுப்பு பிரேம் தொடப்படாது. பொறுமையான வேலை, ஆனால் எந்தக் கூராக்கலுக்கும் முன்பே இதை முடித்துவிடவேண்டும்.

கூராக்கலும் சோதனை அச்சும்

எல்லாவற்றையும் இறுதி அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஷார்ப்பைத் தொட்டோம். முன்பே கூராக்கிவிட்டுப் பெரிதாக்கினால் விளிம்புக் கோடுகளும் சேர்ந்து பெரிதாகும்.

இங்கேதான் இரண்டு தூரங்களும் மோதின. கூராக்குவது என்றால் விளிம்பின் ஒரு பக்கத்தை வெளிறவும் மறுபக்கத்தைக் கறுக்கவும் செய்வது. அந்தக் கோட்டின் தடிப்பு பார்க்கும் தூரத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். எங்கள் கோப்பில் ஒரு பிக்சல் அரை மில்லிமீற்றர், அது 6 அடியில் கண்ணின் எல்லை. 30 அடியில் அந்த எல்லை ஏறக்குறைய 2.7 மில்லிமீற்றர், அதாவது ஐந்து பிக்சல். வீதிக்கு வேலை செய்யும் கோடு, முன்னால் நிற்பவருக்குச் சுண்ணாம்புக் கோடாகத் தெரியும். முன்னால் நிற்பவருக்கு ஏற்ற கோடு வீதிக்கு எட்டவே எட்டாது.

கண்ணிலிருந்து கொலர்வரை உள்ள பகுதியை உண்மையான அளவிலேயே மூன்று விதமாக மிச்சத் துண்டுப் பிளெக்ஸில் அடித்தோம். ஒன்று கூராக்காதது. இரண்டாவது `Unsharp Mask` இல் `Amount` 120, `Radius` 1.2. மூன்றாவது 150, 5. வெளிச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தபோது, 30 அடியில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசமே சொல்லமுடியவில்லை. மூன்றாவது எடுப்பாக இருந்தது. 6 அடியில் இரண்டாவது நன்றாக இருந்தது, மூன்றாவதில் மீசை கம்பியால் பின்னியதுபோல் தெரிந்தது.

இரண்டையும் ஒரே கோட்டால் சாதிக்க முயலவில்லை. கிட்டப் பார்ப்பவருக்காக இரண்டாவது அளவை எடுத்தோம். அதைக் கண்கள், பிரேம், உதடு, மீசை, சரிகை ஆகியவற்றுக்கு மட்டும் கொடுத்து, கன்னத்தையும் நெற்றியையும் தொடாமல் விட்டோம். ஒரு முகம் கூர்மையா என்பதைக் கண் பெரும்பாலும் கண்களை வைத்தே முடிவு செய்கிறது. வீதிக்காக உருவம் முழுவதற்கும் `Amount` 18, `Radius` 40 என்று அகலமான, மெல்லிய இன்னொரு சுற்றுக் கொடுத்தோம். 40 பிக்சல் பெனரில் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். இவ்வளவு அகலமாகவும் இலேசாகவும் இருக்கும்போது அது கோடாகத் தெரியாது. கண்குழி சற்று ஆழமாகும், மூக்கு சற்று எழும்பும். தூரத்தில் நிற்பவர் தெளிவு என்று உணர்வது இந்த நிழல் வேறுபாட்டைத்தான்.

கடைசியாக முழுப் படத்துக்கும் ஒரே துகள் 2 வீதம் போட்டோம். எழுத்துக்களை இந்தக் கோப்பில் சேர்க்காமல் கோரல்டிராவில் வெக்டராக வைத்தோம். 50 பிக்சல் முகத்துக்குப் போதும், ஒன்றரை அங்குலத் தமிழ் எழுத்தின் சுழிக்கு அது சற்றுக் குறைவுதான்.

சோதனைத் துண்டு அடிக்க நேரமில்லாத வேளைகளில் மொனிட்டரிலேயே ஓரளவு பார்க்கலாம். அங்குலத்துக்கு 96 பிக்சல் உள்ள வழக்கமான மொனிட்டரில் இந்தக் கோப்பை 200 வீதத்தில் திறந்தால் ஏறக்குறைய பெனரின் உண்மை அளவு வரும். அப்புறம் கதிரையை விட்டு எழும்பி 6 அடி பின்னால் போய்ப் பார்க்கவேண்டும். மேசையில் இருந்தபடி பார்த்தால் எந்த பெனர் கோப்பும் மோசமாகத்தான் தெரியும், கை தானாக ஷார்ப்பைக் கூட்டும்.

விளைவு

பெனர் மதிலில் கட்டப்பட்டது. வீதியின் மறுபக்கத்திலிருந்து முகமும் உடலும் ஒரே படமாகத் தெரிந்தன. விழாவில் எடுத்த படங்கள் பலவற்றைப் பிறகு பார்த்தோம். பெனருக்கு முன்னால் ஆட்கள் நிற்கும் படங்களில் ஒட்டுத் தெரியவில்லை. மகள் முதலில் பார்த்தது மச்சத்தைத்தான், அது சரியான கன்னத்தில் இருந்தது.

குறை முற்றாக இல்லை என்று சொல்லமுடியாது. படம் வரையும் ஆசிரியர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, காதோரக் கிருதா வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது என்றார். அவர் சொன்னது உண்மை. முகப் படத்தின் மயிர் விளிம்பு அதன் இயல்பிலேயே இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு மங்கிச் செல்கிறது. அங்கே முகத்தை வெட்டியெடுத்த மாஸ்க்கின் விளிம்பு அதைவிடக் கூராக விழுந்திருந்தது. அதேபோல், 3 அடிக்குள் வந்தால் சரிகையின் கூர்மை முகத்தைவிட அதிகம் என்பது யாருக்கும் தெரியும். 20 பிக்சல் முகத்தை வைத்து அந்தத் தூரத்துக்கு எதுவும் செய்ய இயலாது.

மாற்றிக்கொண்டவை

ஓடர் எழுதும் தாளில் இப்போது பெனரின் நீள அகலத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எங்கே கட்டப்படும், முன்னால் நின்று படம் எடுப்பார்களா. படம் எடுப்பார்கள் என்றால், வடிவமைப்பைத் தொடங்கும் முன்னரே முகத்தின் பிக்சலை அது அச்சாகும் அங்குலத்தால் வகுத்துப் பார்க்கிறோம். 30க்குக் கீழே வந்தால் மூலக்கோப்பைக் கேட்கிறோம். மூலக்கோப்பும் இல்லையென்றால் தலையைச் சிறிதாக்கிய வடிவத்தையும் பெரிதாக உள்ள வடிவத்தையும் துண்டில் அடித்துக் காட்டுகிறோம். வாயால் சொன்னபோது சங்கத்தினர் மறுத்த 14 அங்குலத் தலையை, பிறகு வந்த வேறொரு குடும்பம் துண்டைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டது.

மாஸ்க்கின் விளிம்பைக் கண்மதிப்பில் விடுவதில்லை. அதே படத்தில் மயிர் முடியும் இடத்தை 400 வீதத்தில் பெரிதாக்கி, எத்தனை பிக்சலுக்குள் மங்குகிறது என்று எண்ணி, அதே அளவை `Feather` இல் கொடுக்கிறோம். முகத்தைத் திருப்பிப் போடவேண்டிய கட்டாயம் வந்தால், அந்த வடிவத்தை வீட்டார் ஒருவர் பார்க்காமல் அச்சுக்கு விடுவதில்லை.